0.6 என்றால் 40% குறைவா?

1999-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. நெஞ்சுவலி நோயாளிகளாக நடித்தவர்களின் வீடியோவை 720 டாக்டர்களுக்குக் காட்டி, இவரை இதயக் கேத்தீட்டர் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு ஆட்ஸ் ரேஷியோ 0.6. அதன் 95% நம்பிக்கை இடைவெளி 0.4 முதல் 0.9 வரை. வெள்ளையரோடு ஒப்பிட்ட கறுப்பினத்தவருக்கும் அதே எண்கள்தான். உடனே செய்திகளில் "வாய்ப்பு 40% குறைவு" என்று வந்துவிட்டது. முதல்ல படிச்சப்போ நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நிஜத்தில் 100 ஆண்களில் 90.6 பேரை அனுப்பச் சொன்னார்கள், 100 பெண்களில் 84.7 பேரை. வித்தியாசம் 100-க்கு 6 பேர். விகிதமாகச் சொன்னால் 7% குறைவு, அவ்வளவுதான்.

அப்போ 0.6 எங்கிருந்து வந்தது? ஆட்ஸ் என்பது சதவீதம் இல்லை. அனுப்பியவர்களை அனுப்பாதவர்களால் வகுத்தால் கிடைப்பது. ஆண்களுக்கு 90.6/9.4, அதாவது 9.6. பெண்களுக்கு 84.7/15.3, அதாவது 5.5. இரண்டையும் வகுத்தால் கிட்டத்தட்ட 0.6. கணக்கில் தப்பே இல்லை, அதை வாசித்த விதம்தான் தப்பு. நூறில் ஒருவருக்கு வரும் நோய் என்றால் ஆட்ஸும் சதவீதமும் ஏறக்குறைய ஒன்றுதான், அங்கே 0.6-ஐ 40% குறைவு என்று சொன்னால் பெரிய பிழை வராது. இங்கே பத்தில் ஒன்பது பேருக்கு நடக்கிற விஷயம். அதனால்தான் இவ்வளவு விலகல்.

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் நமக்குத் தருவது ஆட்ஸின் லாக். இடைவெளியின் இரண்டு முனைகளையும் லாக்கில் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில்தான் `exp` போட வேண்டும். R-ல்:

```
exp(cbind(OR = coef(m), confint(m)))
```

ஸ்டாண்டர்டு எரருக்குத் தனியா `exp` போட்டு, அதைக் கூட்டிக் கழிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அது தப்பு. கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு: இரண்டு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஆட்ஸ் ரேஷியோவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 0.4 × 0.9 = 0.36, வர்க்கமூலம் 0.6. சரியா இருக்கு.

மருத்துவம் படிக்காதவர்களுக்கு எழுதும்போது முனைகளையும் ஆட்களாக மாற்றிக் கொடுப்பேன். ஆண்களின் 9.6-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 3.84. அதை 4.84-ஆல் வகுத்தால் 79%. 0.9-க்கும் இப்படியே செய்தால் 90% வருகிறது. ஆக நான் எழுதும் வாக்கியம் இது: "100 ஆண்களில் 91 பேரை அனுப்பும் டாக்டர்கள், 100 பெண்களில் சுமார் 85 பேரை அனுப்புகிறார்கள். உண்மையான எண் 79-க்கும் 90-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம்." மாடலில் வேறு காரணிகளும் இருப்பதால் இது தோராயமான மாற்றம்தான், அதையும் சேர்த்து எழுதிவிடுவேன்.

இன்னொன்று. நான்கு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை ஆண்கள், கறுப்பின ஆண்கள், வெள்ளைப் பெண்கள் மூவருக்கும் 90.6%. கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் 78.8%. அந்த ஒற்றை 0.6-ல் இது தெரியவே தெரியாது.