பள்ளி மாடியில் சூரிய மின்சாரம்: அளவை முடிவு செய்வது விடுமுறைதான்

பள்ளிக்குச் சோலார் போடத் தீர்மானித்ததும் பெரும்பாலான நிர்வாகங்கள் செய்வது ஒன்றே: ஓராண்டு மின் கட்டணத்தைக் கூட்டி விற்பனையாளரிடம் கொடுப்பது. அவரும் அதற்கு ஈடான கிலோவாட்டைச் சொல்லிவிடுவார். வீட்டுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். பள்ளிக்கு ஒத்துவராது. ஏனென்றால் பள்ளி பூட்டியிருக்கும் நாளிலும் வெயில் அடிக்கிறது, அதிலும் மே மாதத்தில் கொளுத்துகிறது.

ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வேலை நாளில் பகல் நேரத்தில் மின்விசிறி, கணினி, மோட்டார் எல்லாம் சேர்ந்து 60 யூனிட் செலவாகிறது. வேலை நாட்கள் 210. மாடியில் 10 கிலோவாட் வைத்தால் தமிழ்நாட்டு வெயிலில் ஒரு நாளுக்குச் சராசரியாக 40 யூனிட், ஆண்டுக்கு 14,600 யூனிட் கிடைக்கும். பள்ளி வாங்கும் யூனிட்டின் விலை 8 ரூபாய் என்று வைத்துப் பெருக்கி, ஆண்டுக்கு 1,16,800 ரூபாய் மிச்சம் என்று விலைப்புள்ளியில் எழுதியிருப்பார்கள். அமைக்க 5.5 லட்சம் ஆனால் ஐந்து ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும் போலத் தோன்றும்.

ஆனால் மீதி 155 நாளின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வாரியத்தின் கம்பிக்குத்தான் போகிறது. வீடல்லாத இணைப்புகள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது, வாங்கும் விலையைவிடக் குறைந்த விலை. அது 3 ரூபாய் என்று கொள்வோம். பள்ளி தானே பயன்படுத்துவது சுமார் 8,000 யூனிட், அதன் மதிப்பு 64,000 ரூபாய். வெளியே போகும் 6,600 யூனிட்டுக்கு 19,800. மொத்தம் 83,800 ரூபாய். முதல் திரும்ப ஆறரை ஆண்டு ஆகும். அப்படியும் இது நல்ல முதலீடுதான், ஆனால் நிர்வாகக் குழுவிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான். வேலை நாளின் பகல் தேவையைத் தாண்டிக் கூட்டும் ஒவ்வொரு கிலோவாட்டும் முழுக்க முழுக்கக் குறைந்த விலைக்கே விற்கும். ஆகவே ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டரைக் குறித்துவைத்துப் பிறகு அளவைத் தீர்மானியுங்கள். இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் நடப்பு விலையையும் மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாடி. 10 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 1,000 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நிழலை வெயில் நாளின் உச்சியில் பார்த்துப் பயனில்லை. டிசம்பர் காலை 9 மணிக்கு 3 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடமேற்கே 5 மீட்டர்வரை விழும். பலகைகள் வரிசையாகக் கோக்கப்படுவதால் ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த வரிசையையே இழுத்துவிடும். தட்டோடு பதித்த தளத்தில் துளையிட்டால் அடுத்த மழையில் வகுப்பறை ஒழுகும். சிமென்ட் கட்டைகள் மேல் தாங்கிகளை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பாரத்தையும் காற்றின் விசையையும் தளம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போது எல்லோருக்கும் ஒரே குறிப்பை அனுப்ப வேண்டும்: பலகைகளின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் திறன், தாங்கியின் உயரம், துத்தநாகப் பூச்சு, இடிதாங்கி, நிலத்தொடர்பு, விண்ணப்பமும் மீட்டர் கட்டணமும் யார் பொறுப்பு என்பது. இல்லாவிட்டால் மலிவாகத் தெரிவதில் இடிதாங்கி இருக்காது, அல்லது மீட்டர் செலவு பிறகு வரும். வேலை மே மாதத்தில் நடக்க வேண்டுமானால் விண்ணப்பம் ஜனவரியிலேயே போக வேண்டும். மாடியில் வேலை முடிந்துவிட்டது, ஆனால் மீட்டர் வரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் பள்ளிகள் உண்டு.

இருவழி மீட்டர் பொருத்தும் முன் இயக்கிப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். சில பழைய மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணிவிடும்.

தொடக்க நாளில் ஒப்பந்ததாரரை வைத்துக்கொண்டே இரண்டு சோதனை செய்யலாம். 550 வாட் பலகைகள் 18 என்றால் ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை. ஒரு பலகைக்கு ஏறத்தாழ 49 வோல்ட் என்பதால் இணைக்காத நிலையில் வரிசைக்குச் சுமார் 440 வோல்ட் காட்டும், வெயிலில் பலகை சூடேறியிருந்தால் சற்றுக் குறையும். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 50 வோல்ட் குறைந்தால் ஒரு பலகை சேரவில்லை. அடுத்து மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் உடனே நிற்க வேண்டும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கான ஏற்பாடு அது. இதனால்தான் மின்வெட்டின்போது பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடுகிறது. இதை ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருங்கள். இருவழி மீட்டர் ஓடி, தெளிந்த வெயில் நாட்களில் 40 யூனிட்டுக்குக் குறையாமல் ஒரு வாரம் பதிவான பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.