64 எப்படி 65 ஆனது? பிதாகரஸ் தேற்றத்துக்குப் படம் மட்டும் ஏன் போதாது?

8 செ.மீ. பக்கமுள்ள சதுரக் காகிதத்தை நான்கு துண்டுகளாக வெட்டி, இடம் மாற்றி அடுக்கினால், 13 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்ட செவ்வகம் கிடைக்கிறது. முதலில் பரப்பளவு 64 சதுர செ.மீ. இப்போது 65. கூடுதலாக வந்த ஒன்று எங்கிருந்து முளைத்தது?

இது பழைய புதிர்தான். ஆனால் பிதாகரஸ் தேற்றத்தையும் இதே மாதிரி துண்டுகளை இடம் மாற்றித்தான் பலர் விளக்குகிறார்கள். ஒன்று ஏமாற்று வேலை, இன்னொன்று உண்மை. எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வரைந்து பார்ப்போம்

7 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். அதன் விளிம்பில் கடிகார முள் சுற்றும் திசையில் போய், ஒவ்வொரு மூலையைத் தாண்டியதும் 3 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். நான்கு புள்ளிகளையும் வரிசையாக இணையுங்கள். நான்கு மூலைகளிலும் 3, 4 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணங்கள் வரும். நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும்.

பலர் தப்பு செய்வது இங்கேதான். ஒரு மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 3 செ.மீ. அளந்து புள்ளி வைத்து, எதிர் மூலையிலும் அப்படியே செய்தால், நடுவில் சதுரம் வராது, செவ்வகம்தான் வரும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே திசையில் அளப்பது முக்கியம்.

ஒரு முக்கோணத்தின் பரப்பளவு 6. நான்குக்கும் சேர்த்து 24. மொத்தம் 49-இல் இதைக் கழித்தால், நடுச் சதுரத்துக்கு 25 மிச்சம்.

இப்போது நான்கு முக்கோணங்களையும் வெட்டி எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து 3×4 செவ்வகங்கள் இரண்டு செய்யுங்கள். அவற்றை 7 செ.மீ. சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில், ஒன்றைப் படுத்தவாறும் மற்றதை நிமிர்த்தியும் வையுங்கள். மிச்ச இடம் 3×3, 4×4 என இரண்டு சதுரங்கள். 9 + 16 = 25. வெளிச் சதுரமும் அதேதான், முக்கோணங்களும் அதேதான். அதனால் மிச்ச இடமும் மாற முடியாது.

படம் சொல்லாமல் விட்டது என்ன?

நடுவில் இருப்பது சதுரம் என்று நாம் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டோம். அதைத்தான் நிரூபிக்க வேண்டும். 3, 4 என்ற எண்களுக்குப் பதிலாக எந்த நீளமும் இருக்கலாம் என்பதால், பக்கங்களை a, b என்றும் கர்ணத்தை c என்றும் வைப்போம்.

படி 1: நான்கு முக்கோணங்களிலும் a, b பக்கங்களும் நடுவில் உள்ள செங்கோணமும் சமம். பக்கம்-கோணம்-பக்கம் விதிப்படி நான்கும் சர்வசமம். ஆகவே நடு உருவத்தின் நான்கு பக்கங்களும் c.

படி 2: முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி. ஒன்று 90 என்பதால், மற்ற இரண்டும் சேர்ந்து 90.

படி 3: நாம் வைத்த புள்ளி ஒவ்வொன்றும் வெளிச் சதுரத்தின் நேர்கோட்டில் இருக்கிறது. அங்கே அந்த இரண்டு சிறு கோணங்களும் நடு உருவத்தின் கோணமும் சேர்ந்து 180. சிறு கோணங்கள் இரண்டும் 90 என்றால், நடுக் கோணமும் 90.

படி 4: நான்கு பக்கங்களும் சமம், கோணங்கள் எல்லாம் 90. எனவே அது சதுரம்தான், பரப்பளவு c². மாற்றி அடுக்கியபோது மிஞ்சியது a² + b². ஆகவே a² + b² = c².

பிதாகரஸ் பெயரில் நாம் படிக்கும் இந்த உண்மை, போதாயன சுல்ப சூத்திரத்தில் செவ்வகத்தின் மூலைவிட்டத்தை வைத்துச் சொல்லப்படுகிறது.

அப்போ அந்த 65?

அதே சோதனையை இங்கேயும் செய்யலாம். செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் ஒரு முக்கோணமும் ஒரு சரிவகமும் அடுத்தடுத்து உட்காருகின்றன. முக்கோணம் 8 செ.மீ. போகும்போது 3 செ.மீ. ஏறுகிறது, சாய்வு 0.375. சரிவகம் 5 செ.மீ. போகும்போது 2 செ.மீ. ஏறுகிறது, சாய்வு 0.4. சாய்வு மாறினால் அது நேர்கோடு இல்லை. இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் கோடு லேசாக, ஒன்றேகால் டிகிரி அளவுக்கு வளைகிறது. அதனால் நடுவில் நீளமான, மெல்லிய இணைகரம் ஒன்று காலியாக இருக்கிறது. அதன் பரப்பளவு சரியாக 1 சதுர செ.மீ. தடித்த பென்சில் கோடு அதை மறைத்துவிடுகிறது.

நிரூபணத்துக்கும் எல்லை உண்டு. படி 2 சமதளத்தில்தான் செல்லும். பூமி உருண்டை மேல் பெரிய முக்கோணம் வரைந்தால் கோணங்களின் கூடுதல் 180-ஐத் தாண்டும், அங்கே தேற்றமும் பொருந்தாது. எந்தப் படி எங்கே உடையும் என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அடுத்த முறை வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்தால், துண்டுகள் சேரும் இடத்தில் கோணங்களைக் கூட்டிப் பாருங்கள். 180 வரவில்லையென்றால் எங்கோ ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது, அல்லது துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.