'வுட்' எங்கே, 'யூஸ்ட் டு' எங்கே?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் பெண், 'சின்ன வயதில் நான்' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி உங்களிடம் காட்டுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் வாக்கியம் இது: "வென் வீ வேர் ஸ்மால், வீ வுட் கோ டு அவர் கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ் எவ்ரி சம்மர்."

'நடந்து முடிந்த கதைக்கு வுட் எதற்கு?' என்று பென்ஸிலால் அடித்துவிடத் தோன்றுகிறதல்லவா? அடிக்காதீர்கள். வாக்கியம் சரியே.

நாம் எப்படிப் பேசுகிறோம் என்று பாருங்கள். "சின்ன வயதில் லீவு விட்டால் பாட்டி வீட்டுக்குப் போவோம். பாட்டி கதை சொல்லுவாள்." போவோம், சொல்லுவாள் என்பவை எதிர்கால வினைகள். ஆனாலும் நாளைக்குப் போகப் போவதாக யாரும் நினைப்பதில்லை. பழைய வழக்கம் என்று புரிந்து கொள்கிறோம். 'வில்' என்பதன் இறந்தகால உருவமான 'வுட்' ஆங்கிலத்தில் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்த வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது: "ஷி வுட் ஹாவ் எ பிக் வெல்." 'பாட்டி வீட்டில் பெரிய கிணறு இருக்கும்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில்தான் பெண் எழுதிவிட்டாள். ஆங்கிலம் இதற்கு இடம் கொடுக்காது. போவதும் கதை சொல்வதும் திரும்பத் திரும்பச் செய்யும் காரியங்கள். கிணறோ எப்போதும் இருந்தபடி இருப்பது. ஓர் ஊரில் வசிப்பது, ஒருவரைத் தெரிந்திருப்பது, ஒன்று பிடித்திருப்பது எல்லாம் இந்த ஜாதிதான். இவற்றுக்கு 'வுட்' கூடாது. 'யூஸ்ட் டு' போடலாம். ஆனால் "ஷி யூஸ்ட் டு ஹாவ் எ பிக் வெல்" என்றால், இப்போது கிணறு இல்லை என்ற தொனி வந்துவிடும். கிணறு இன்னும் இருக்கிறதென்றால் வெறும் 'ஹாட்' போதும்.

சந்தேகம் வந்தால், 'ஒவ்வொரு நாளும்' என்று சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் கதை சொன்னாள், பொருந்துகிறது. ஒவ்வொரு நாளும் கிணறு வைத்திருந்தாள், சிரிப்பு வருகிறது!

இன்னொன்று. "வீ வுட் கோ டு த ரிவர்" என்று மொட்டையாக ஆரம்பித்தால், 'போவோம், ஆனால்...' என்று ஏதோ நிபந்தனை வரப்போவதாகத் தோன்றும். எந்தக் காலம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். உங்கள் பெண் 'வென் வீ வேர் ஸ்மால்' என்று தொடங்கியதால்தான் தப்பித்தாள். 'யூஸ்ட் டு'வுக்கு இந்தத் துணை வேண்டாம். முதல் வாக்கியத்தில் அதைப் போட்டுவிட்டு, பிறகு வரும் காரியங்களுக்கு 'வுட்' போடுவது அழகு.

'மூன்று முறை போனோம்' என்று கணக்குச் சொன்னால் இரண்டுமே வேண்டாம். 'வீ வென்ட்' போதும்.

ஆகவே, கிணற்றில் மட்டும் பென்ஸிலை வையுங்கள்: "ஷி ஹாட் எ பிக் வெல்." மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே இருக்கட்டும்.