வாங்கிய பிறகே ஏட்டில் ஏறும் நற்பெயர்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 'கூட்டாண்மைக் கணக்குகளில் நற்பெயர்' பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி எழும். சென்ற ஆண்டு அதைக் கேட்டவள் சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள். "சார், நம்ம ஊர் பிரியாணிக் கடைக்கு இவ்வளவு நல்ல பேரு இருக்கே, அவங்க இருப்புநிலைக் குறிப்பில் எத்தனை லட்சம்னு எழுதியிருப்பாங்க?" என்றாள். ஒரு ரூபாய்கூட எழுதியிருக்க மாட்டார்கள் என்றேன். வகுப்பு நம்பவில்லை.

தானே சம்பாதித்த பெயரை ஒரு நிறுவனம் தன் ஏட்டில் சொத்தாக எழுத முடியாது. அதற்கென்று கொடுத்த விலை எதுவும் இல்லை என்பதே காரணம். அதே கடையை வேறொருவர் விலைக்கு வாங்கினால், வாங்கியவர் ஏட்டில் நற்பெயர் தோன்றும். கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்கு போட்டேன். கட்டடம், பாத்திரம், சரக்கு எல்லாம் இன்றைய மதிப்பில் 9 லட்சம். கடன் 2 லட்சம். பதிவுபெற்ற வணிகப்பெயரைத் தனியே மதிப்பிட்டால் 5 லட்சம். ஆக நிகரச் சொத்து 12 லட்சம். கொடுத்த விலை 15 லட்சம் என்றால் மிச்சம் 3 லட்சம், அதுதான் நற்பெயர்.

இங்கே மாணவர்கள் தடுமாறுவார்கள். பெயருக்குத்தான் 5 லட்சம் போட்டாயிற்றே, பிறகு நற்பெயர் என்ன? சொல் அவர்களை ஏமாற்றிவிடுகிறது. கம்பெனி ஒன்றை வாங்கும்போது 'நற்பெயர்' என்பது பெயரின் மதிப்பு அல்ல. அடையாளம் காட்டித் தனியே மதிப்பிடக்கூடியவற்றை எல்லாம் கழித்த பின் நிற்கும் மீதி.

இதற்கு ஹார்லிக்ஸைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஹார்லிக்ஸ், பூஸ்ட் தயாரித்த கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொள்வதாக இந்துஸ்தான் யூனிலீவர் 2018 டிசம்பரில் அறிவித்தது. ரொக்கம் கிடையாது. ஒரு கிளாக்ஸோ பங்குக்கு 4.39 யூனிலீவர் பங்கு என்று பேச்சு. அன்றைய மதிப்பு 31,700 கோடி ரூபாய். ஹார்லிக்ஸ் என்ற பெயரின் இந்திய உரிமையைத் தனியாக 3,045 கோடிக்கு வாங்கியது. ஆக, அந்தப் பெயர் நற்பெயருக்குள் இல்லை! அது ஏட்டில் தொட்டுணர இயலாச் சொத்துகளுக்கான வரியில் இருக்கிறது. பூஸ்ட் போன்ற மற்ற வணிகப்பெயர்களும் மதிப்பிடப்பட்டு அதே வரிக்குத்தான் போயின. இத்தனைக்கும் பிறகு நின்ற நற்பெயர் ஏறத்தாழ 17 ஆயிரம் கோடி.

அந்த மீதியில் என்ன இருக்கிறது? பழகிய ஊழியர்கள் ஒரு பகுதி; அவர்களைத் தனிச் சொத்தாக எழுதக் கணக்கியல் தரநிலை இடம் தராது. யூனிலீவரின் விற்பனை வலையில் பூஸ்டும் சேர்ந்தால் கிடைக்கும் கூடுதல் லாபம் இன்னொரு பகுதி. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை.

இணைப்பு நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1. வாங்கிய விலையை ஒப்பந்த நாளில் அல்ல, கட்டுப்பாடு கைமாறிய நாளின் பங்கு விலையில்தான் எழுத வேண்டும். ஊரடங்கில் சந்தை சரிந்து கிடந்தபோதும் யூனிலீவர் பங்கு ஏறியிருந்தது. ஒன்று சுமார் 2,180 ரூபாய். கொடுத்த பங்குகள் சுமார் 18.46 கோடி. பெருக்கிப் பாருங்கள், 40 ஆயிரம் கோடியைத் தாண்டும். அதே கம்பெனி, அதே எண்ணிக்கைப் பங்குகள். ஆனால் எழுதும் விலை 8 ஆயிரம் கோடிக்கு மேல் கூடிவிட்டது. தொழிற்சாலையின் மதிப்போ வணிகப்பெயரின் மதிப்போ யூனிலீவரின் பங்கு விலையைப் பார்த்து ஏறுவதில்லை. எனவே அந்த வித்தியாசம் பெரும்பாலும் மீதியில்தான் போய் விழும். நற்பெயர் பெரிதாக இருந்தால் நல்ல கம்பெனியை வாங்கியிருக்கிறார்கள் என்று மாணவர் எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. அதிக விலை கொடுத்துவிட்டார்கள் என்பதற்கும் அதே எண்தான் வரும்.

நம் பாடநூலின் உயர் இலாப முறை இலாபத்தில் தொடங்கி நற்பெயருக்குப் போகிறது. கம்பெனிக் கணக்கோ விலையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. இந்தத் திசை மாற்றத்தைச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். விலை நிகரச் சொத்தைவிடக் குறைவாக இருந்தால் வித்தியாசம் மூலதனக் காப்பாகும் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லலாம்.

வாங்கிய பின் இந்த நற்பெயருக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கிடையாது. இந்தியக் கணக்கியல் தரநிலை 36 அப்படித்தான் சொல்கிறது. மாறாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். வாங்கிய தொழில் இனி ஈட்டித் தரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு, ஏட்டு மதிப்பைவிடக் குறைந்துவிட்டதா? குறைந்தால் அந்த அளவை நட்டமாக எழுத வேண்டும். அந்த ஆண்டு கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. பணம் போனது வாங்கிய அன்றே. பிறகு வியாபாரம் தேறினாலும் குறைத்த நற்பெயரை மீண்டும் ஏற்றி எழுத முடியாது. ஏன் என்று மாணவர்களையே கேளுங்கள். அந்த விசைத்தறித் தொழிலாளியின் மகள் உடனே சொன்னாள்: "அது அவங்களே சம்பாதிச்ச பேரு ஆயிடும் சார்."