சில்வர் தாளும் மாத்திரை அட்டையும் தகர டப்பாவும்: எது கடைக்கு, எது எங்கே?

கல்யாண மண்டபத்து எச்சில் இலையை எருக்குழிக்கு ஏற்றி வருகிற உழவர்கள் இப்போது நிறையப் பேர். வாழை இலை அருமையான சரக்குதான். ஆனால் இலை மட்டும் வருவதில்லை. கூடவே பளபளப்பாக ஒரு கூட்டமே வருகிறது. சாப்பாட்டுப் பெட்டி, குளிர்பான டப்பா, எண்ணெய் டின், சாம்பார் கட்டின சில்வர் கவர். வீட்டுக் குப்பையையும் சேர்த்தால் மாத்திரை அட்டை. பார்வைக்கு எல்லாம் ஒரே ஜாதி. பழைய இரும்புக் கடையில் இவை ஒவ்வொன்றும் ஒரு விதம்.

பிரிப்பதற்கு மூன்று சோதனை போதும்: காந்தம், கசக்கல், கிழித்தல். இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை நான் ஒரு குச்சி நுனியில் கட்டி வைத்திருக்கிறேன். அது ஒட்டினால் தகரம். நாம் தகரம் என்பது மெல்லிய இரும்புத் தகடு. துரு ஏறாமல் இருக்க மேலே வெள்ளீயப் பூச்சு கொடுத்திருப்பார்கள். பால்பவுடர் டப்பா, 15 கிலோ எண்ணெய் டின் எல்லாம் இந்த வகை. குளிர்பான டப்பாவும் தகரம் மாதிரியே இருக்கும். ஆனால் இங்கே விற்பதில் பெரும்பாலானதில் காந்தம் ஒட்டாது. அது அலுமினியம். கடைப் பேச்சில் 'ஈயம்' என்பார்கள். புத்தகத்து ஈயம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒட்டாத மெல்லிய சரக்கைக் கையில் வைத்துக் கசக்குங்கள். உருட்டினது உருட்டினபடியே கிடந்தால் அலுமினியத் தாளாக இருக்கலாம். கையை விட்டதும் சரசரவென்று விரிந்தால் அது பிளாஸ்டிக். மேலே வெறும் பளபளப்புப் பூச்சு. சிப்ஸ் பாக்கெட்டும் சில்வர் கவரில் பெரும்பாலானதும் இப்படித்தான் விரியும். கடையில் இதற்கு விலை கிடையாது.

கசக்கல் சோதனையை ஏமாற்றுகிற ஆள் ஒருவர் உண்டு. முன்னும் பின்னும் வெள்ளி நிறமாக, மாத்திரை வெளியே தெரியாமல் இருக்கும் அட்டை. கசக்கினால் அப்படியே கிடக்கும். 'முழுசும் அலுமினியம்' என்று நம்பிவிடுவோம். அதனால்தான் மூன்றாவதாகக் கிழிக்கச் சொல்கிறேன். சுத்தமான அலுமினியத் தாள் காகிதம் போல நறுக்கென்று கிழியும், ஓரத்தில் ஒன்றும் தொங்காது. மாத்திரை அட்டை கிழிய மறுக்கும், அல்லது கிழிந்த ஓரத்தில் வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ ஒரு தோல் இழுபடும். நடுவில் அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் என்று ஒட்டிச் செய்தது அது. இரண்டு மெல்லிய தாளுக்கு நடுவில் மாத்திரை இருக்கும் பட்டையும் இப்படித்தான். உள்பக்கம் பாலித்தீன் பூச்சு.

மாத்திரை தெரிகிற சாதாரண அட்டையில் முன்பக்கம் பி.வி.சி. பிளாஸ்டிக், பின்பக்கம் மட்டும் அலுமினியம். பத்து மாத்திரை அட்டை ஒன்று வெறுமையாக ஒன்றரை கிராம் எடை இருக்கும். அதில் அலுமினியம் ஆறில் ஒரு பங்குதான், அதாவது கால் கிராம். இரண்டையும் கையால் உரித்தெடுக்க முடியாது, வெப்பத்தில் ஒட்டியிருக்கிறது.

ஒரு மண்டபத்து லோடு கணக்கைச் சொல்கிறேன். ஒரு டிப்பர் இலையில் கிடைத்தது: எண்ணெய் டின் 4, சின்னத் தகர டப்பா 9, குளிர்பான டப்பா 35, அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டி 60, சில்வர் கவர் ஒரு மூட்டை. வீட்டில் அப்பாவின் மூன்று மாத மாத்திரை அட்டை 40. எல்லாவற்றையும் எங்கள் ஊர் கடைக்குக் கொண்டுபோனேன்.

எண்ணெய் டின்னை நசுக்காமல் கொண்டுபோனதால் எண்ணிக்கைக்கு எடுத்துக்கொண்டார். மறுபடி பயன்படுத்த ஆள் இருக்கிறது. நசுங்கியிருந்தால் தகர எடைதான். சின்ன டப்பாக்கள் தகர எடைக்குப் போயின. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட வேண்டும்.

குளிர்பான டப்பா 35-ம் சேர்ந்து அரைக் கிலோ வந்தது. இதற்கு அலுமினிய விலை. தகர மூட்டையிலேயே போட்டுக் கட்டியிருந்தால் தகர விலைக்குத்தான் போயிருக்கும், அலுமினிய விலையோ அதைப் போலப் பல மடங்கு. காந்தக் குச்சியின் லாபம் இங்கேதான் இருக்கிறது.

சாப்பாட்டுப் பெட்டிகளும் ஏறக்குறைய அரைக் கிலோ. கழுவிக் காயவைத்துத் தட்டையாக அடுக்கியிருந்தேன். எடுத்துக்கொண்டார், ஆனால் விலை குறைத்துத்தான். "பாத்திர ஈயமும் இதும் ஒண்ணாங்கண்ணா? இது மெலிசு. உருக்குனா நெறையக் கழிவாப் போயிருமுங்க" என்றார். அது உண்மைதான். தாள் மெலிய மெலிய, உலையில் உருகுவதற்குப் பதில் காற்றோடு சேர்ந்து கசடாகிற பங்கு கூடும். எண்ணெயும் சோறும் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். உருண்டையாகச் சுருட்டியும் கொண்டுபோகாதீர்கள். உள்ளே கல் வைத்திருப்போமோ என்று பிரித்துப் பார்ப்பார், இல்லையென்றால் வேண்டாம் என்பார்.

மாத்திரை அட்டையைப் பார்த்ததும் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 40 அட்டையும் சேர்த்து 60 கிராம். அதில் அலுமினியம் 10 கிராம். ஒரே ஒரு குளிர்பான டப்பாவில் இதைவிட அதிகம் இருக்கிறது, சுமார் 14 கிராம். சில்வர் கவரை அவர் தொடவே இல்லை.

விலை போகாததைத்தான் நம்மாட்கள் மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். மாத்திரை அட்டையை எரிக்கவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் நஞ்சும் வரும். டையாக்சின் புல்லில் படிந்து, மாடு மேய்ந்து, பால் கொழுப்பில் சேரும். அந்தச் சாம்பலை எருக்குழியில் கொட்டினால் ரசாயன உரம் போடாமல் இருந்து என்ன பயன்? குழிக்குள் அப்படியே போட்டாலும் மட்காது. ரோட்டவேட்டர் அதைத் துண்டுதுண்டாக்கி வயல் முழுக்க விதைத்துவிடும்.

தகரத்தில் ஆபத்து வேறு. சோற்று வாசத்துக்கு மாடு தின்றுவிடும் கூர்மையான துண்டு இரண்டாம் வயிற்றில் தங்கும். அது இதயத்துக்கு மிக அருகில் இருக்கிற வயிறு. குத்தித் துளைத்தால் மாடு தீனி எடுக்காது, முதுகை வளைத்து நிற்கும், பல சமயம் பிழைக்காது. ஆகையால் பிரிக்கிற வேலையை மாடு அண்டாத இடத்தில், இலை குழிக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள்.

விலை போகாத அட்டையையும் கவரையும் காயவைத்து, தனிப் பையில் கட்டி, தூய்மைக் காவலர் வரும்போது மட்காத குப்பையாகக் கொடுங்கள். மாத்திரை மிச்சமிருக்கும் அட்டையை அதோடு சேர்க்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் காலாவதி மருந்தையும் பூச்சிக்கொல்லி டப்பாவையும் அபாயக் கழிவு என்றே பிரித்தன. பக்கத்துத் தோட்டத்து விஷ டப்பா தகரமாகவே இருந்தாலும், அலுமினியமாகவே இருந்தாலும், நம் மூட்டையில் ஏறக்கூடாது. கொசு மருந்து, வாசனை ஸ்ப்ரே டப்பாக்களுக்குள் அழுத்தம் இருக்கும். நசுக்கவும் துளையிடவும் வேண்டாம். கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

ஆக, வீட்டில் மூன்று சாக்கு வைத்தால் போதும்: காந்தம் ஒட்டுவது ஒன்று, ஒட்டாத டப்பாவும் கழுவிய பெட்டியும் ஒன்று, கிழித்தால் தோல் இழுபடுவதும் கசக்கினால் விரிவதும் ஒன்று. முதல் இரண்டும் கடைக்கு. மூன்றாவது சாக்கு அடுப்புக்கும் போகக்கூடாது, குழிக்கும் போகக்கூடாது.