எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு விளக்கம்

மாதச் செலவு அறிக்கை பெரும்பாலும் ஓர் எக்செல் கோப்பாகத்தான் இருக்கும். சம்பளம், மின்சாரம், பழுதுபார்ப்பு, போக்குவரத்து என்று ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் நேராக மூன்று எண்கள் வரும்: பட்ஜெட் எவ்வளவு, ஆன செலவு எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு. அலுவலகங்களில் இந்த வித்தியாசத்தை வேரியன்ஸ் என்பார்கள். ஆலையிலோ கிளையிலோ இருக்கும் கணக்கு அதிகாரி மாதக் கணக்கை மூடியதும் இந்தக் கோப்பைத் தலைமை அலுவலகத்தில் உள்ள நிதித் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். எல்லாம் பட்ஜெட்டை ஒட்டியே இருந்தால் 'அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது' என்ற ஒரு வரி போதும். ஒரு தலைப்பில் செலவு எகிறியிருந்தால் அந்த ஒரு வரி போதாது. நிதித் தலைவர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்கப்போகும் கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் இருக்க வேண்டும்.

எது பெரிய வித்தியாசம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுக்கேற்ப வைத்துக்கொள்கிறது. சதவீதம், தொகை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே பொதுவான வழக்கம். எழுதுபொருள் செலவு 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனால் அது நூறு சதவீத உயர்வுதான்; ஆனால் யாரும் அதற்காக உட்கார்ந்து பேசமாட்டார்கள். சம்பளத்தில் மூன்று சதவீதம் கூடினால் அது பல லட்சமாக இருக்கலாம்.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கோவைப் பக்கம் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரப் பழுதுபார்ப்புக்கு ஆண்டு பட்ஜெட் 144 லட்சம். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 12 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஆன செலவோ 20.4 லட்சம். 8.4 லட்சம் கூடுதல். அதாவது எழுபது சதவீதம்.

இந்த இடத்தில் பலரும் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இம்மாதம் பராமரிப்புப் பணிகள் அதிகம் நடந்ததால் பழுதுபார்ப்புச் செலவு உயர்ந்துள்ளது.' எண்ணில் தெரிந்ததை எழுத்தில் திரும்பச் சொல்வதைத் தவிர இதில் ஒன்றுமில்லை. நிதித் தலைவருக்கு வேண்டியது வேறு. இந்த 8.4 லட்சத்தில் எவ்வளவு உண்மையான கூடுதல், எவ்வளவு கணக்கில் விழுந்த இடம் மாறியதால் வந்தது, எவ்வளவு அடுத்த மாதமும் வரும் என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல, கணக்கு அதிகாரி அந்தத் தலைப்பின் லெட்ஜரைத் திறந்து பில் பில்லாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஏர் கம்ப்ரசருக்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரைக்கான 3.6 லட்சத்தையும் பில் வந்த கையோடு ஆகஸ்ட் செலவிலேயே பதிந்துவிட்டார்கள். இந்த மாதத்துக்கு உரியது 30,000 மட்டும். மிச்சம் 3.3 லட்சம் ப்ரீபெய்டு கணக்கில் நிற்க வேண்டியது. கணக்கை மூடுவதற்கு முன்பே தெரிந்திருந்தால் திருத்திவிட்டே அறிக்கையை அனுப்பலாம், விளக்கமே தேவைப்படாது. மூடிய பிறகு தெரிந்தால், செப்டம்பரில் ஜர்னல் என்ட்ரி போட்டு மாற்றுவதாக எழுத வேண்டும்.

இரண்டாவது, ஜூலை கடைசி வாரத்தில் நடந்த லேத் இயந்திரப் பழுதுபார்ப்பு. வேலை ஜூலையில் முடிந்தது, பில் ஆகஸ்ட் 9-ஆம் தேதி வந்தது. பில் வராவிட்டாலும் முடிந்த வேலைக்கு ஜூலையிலேயே 1.5 லட்சம் புரொவிஷன் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதனால் ஜூலைச் செலவு பட்ஜெட்டைவிட 1.5 லட்சம் குறைந்து, ஆகஸ்ட் அதே அளவு கூடியது. ஜூலை அறிக்கையில் செலவு குறைந்ததற்கு யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். குறைவையும் கேட்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பில் அப்போதே பிடிபட்டிருக்கும்.

மூன்றாவது, டீசல் ஜெனரேட்டர். ஆகஸ்டில் திடீரென்று நின்றுபோய், பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. பில் தொகை 3,42,200. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி 52,200 போக, செலவு 2,90,000. வரிக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்கும் நிறுவனத்தில் அந்த 52,200 செலவில் சேராது. பில்லின் மொத்தத் தொகையையே செலவில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெரிய பில் ஒவ்வொன்றிலும் இதைச் சரிபார்க்காமல் விளக்கம் எழுத உட்காரக் கூடாது. டிடிஎஸ் பிடித்த தொகையைக் கழித்துச் செலவைக் காட்டுவது இதற்கு நேர் எதிரான தவறு. பிடித்தம் செய்வதால் ஒப்பந்ததாரரின் கைக்குப் போவது குறையுமே தவிர, நிறுவனத்தின் செலவு குறையாது.

கடைசியாக ஒரு சின்ன தொகை. பராமரிப்புப் பிரிவில் ஒப்பந்த அடிப்படையில் 14 ஃபிட்டர்கள். ஆகஸ்ட் 1 முதல் ஒப்பந்ததாரருக்கு ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 200 ரூபாய் கூட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதம் 25 வேலை நாள் என்றால் 70,000. பட்ஜெட் போட்டபோது இந்த உயர்வு தெரியாது.

3.3, 1.5, 2.9, 0.7 நான்கையும் கூட்டினால் 8.4 வருகிறது. இப்படி ஐந்து காசு பிசகாமல் கூட்டுத்தொகை பொருந்தும் வரை மின்னஞ்சலை எழுதத் தொடங்கவே கூடாது. நிதித் தலைவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது இந்தக் கூட்டலைத்தான்.

பிரித்த பிறகுதான் விஷயமே தெரிகிறது. முதல் இரண்டும் சேர்ந்த 4.8 லட்சம் ஆண்டுச் செலவைக் கூட்டவே போவதில்லை. ஒன்று திருத்தத்தில் சரியாகிவிடும், மற்றொன்று ஜூலையின் குறைவோடு கழிந்துவிடும். ஜெனரேட்டர் செலவு திரும்பக் கிடைக்காது, ஆனால் ஒருமுறைதான். கூலி உயர்வோ ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதம் தொடரும்: 5.6 லட்சம். ஆக, இந்த மாதப் பட்டியலில் கடைசியில் கிடந்த 70,000 ரூபாய்தான் ஆண்டு முடியும்போது ஜெனரேட்டரைவிடப் பெரிய செலவாக நிற்கப்போகிறது. மாத வித்தியாசத்தை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி அனுப்பினால் இது கண்ணிலேயே படாது. நல்ல விளக்கத்துக்கும் சாதாரண விளக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான்.

நம் ஊர் அலுவலகங்களில் இத்தகைய மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பொருள்: ஆகஸ்ட் செலவு அறிக்கை – பழுதுபார்ப்பில் ரூ.8.4 லட்சம் கூடுதல். உண்மையான கூடுதல் ரூ.3.6 லட்சம்

வணக்கம் சார்,

ஆகஸ்ட் அறிக்கையை இணைத்துள்ளேன். பழுதுபார்ப்புத் தலைப்பில் 12 லட்சத்துக்கு 20.4 லட்சம் ஆகியுள்ளது. மற்ற தலைப்புகள் வரம்புக்குள் உள்ளன.

கூடுதலில் 4.8 லட்சம் பதிவு செய்த மாதத்தால் வந்தது. கம்ப்ரசர் ஒப்பந்தம் முழுவதும் ஆகஸ்டில் பதிவானதால் 3.3 லட்சம்; செப்டம்பரில் ப்ரீபெய்டுக்கு மாற்றுகிறோம். ஜூலை வேலைக்கான பில் இப்போது வந்ததால் 1.5 லட்சம், ஜூலையில் நாங்கள் புரொவிஷன் போடத் தவறிவிட்டோம்.

மீதி 3.6 லட்சம் உண்மையான கூடுதல். ஜெனரேட்டர் பழுது 2.9 லட்சம், ஒருமுறை செலவு. ஒப்பந்த ஃபிட்டர் கூலி உயர்வு 70,000, மார்ச் வரை மாதந்தோறும் வரும்.

இதனால் ஆண்டு முடிவில் இந்தத் தலைப்பு பட்ஜெட்டைவிட 8.5 லட்சம் கூடும் என்று மதிப்பிடுகிறோம். கூலி உயர்வுக்குப் பட்ஜெட்டைத் திருத்துவதா, பராமரிப்புப் பிரிவின் மற்ற செலவில் ஈடுகட்டச் சொல்வதா என்று தங்கள் முடிவு வேண்டும். ஜெனரேட்டரில் மாற்றிய பாகங்களின் பட்டியலும் பில்லும் இணைப்பில் உள்ளன."

இதில் கவனிக்க வேண்டியவை சில. பொருள் வரியிலேயே இரண்டு எண்களும் வந்துவிடுகின்றன. கைப்பேசியில் அதை மட்டும் படிப்பவருக்கும் பதற்றம் பாதி தணியும். தவறு கணக்குப் பிரிவினுடையது என்றால் ஒரே வரியில் சொல்லியாகிவிட்டது. மன்னிப்புக் கடிதமாக அதை நீட்டினால் எண்கள் மறைந்துபோகும். பில் எண், தேதி, ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் கோப்பில் இருக்கட்டும்; மின்னஞ்சலில் வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் பாகங்களின் பட்டியலை இணைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய வேலை வந்தால், இதை மாதச் செலவாகக் காட்டுவதா, சொத்தின் மதிப்பில் சேர்த்துத் தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரிப்பதா என்று நிதித் தலைவர் கேட்பார். நின்றுபோனதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது மட்டும் என்றால் செலவு. திறனையோ ஆயுளையோ கூட்டியிருந்தால் சொத்தில் சேர்க்க இடமுண்டு. இதை ஆலையில் உள்ளவர் தாமாக முடிவு செய்து, வித்தியாசத்தைக் குறைத்துக் காட்ட சொத்துக் கணக்கில் தள்ளிவிடுவதுதான் ஆபத்து. தணிக்கையில் அது எப்படியும் வெளியே வரும்.

இன்னொரு பொறி, கூடுதலையும் குறைவையும் கழித்துக் காட்டுவது. பழுதுபார்ப்பில் 8.4 லட்சம் கூடி, பயணச் செலவில் 8 லட்சம் குறைந்திருந்தால் மொத்தத்தில் வித்தியாசம் வெறும் 40,000. 'மொத்தச் செலவு ஏறக்குறைய பட்ஜெட் அளவே' என்று எழுதினால் பொய் இல்லை. ஆனால் இரண்டு பெரிய விஷயங்கள் மறைந்துவிட்டன. பயணச் செலவு குறைந்தது விற்பனைப் பயணங்கள் நடக்காததால் என்றால், அது அடுத்த காலாண்டு ஆர்டர்களில் தெரியும்.

பட்ஜெட்டே காரணமாக இருக்கும் மாதங்களும் உண்டு. ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டு சமக் கூறாக வெட்டிவிட்டால், தீபாவளிக்கு ஆலை மூடியிருக்கும்போது செய்யும் பெரிய பராமரிப்பு ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்தில் 'கூடுதல்' என்றே வந்து நிற்கும். மூன்று ஆண்டாக ஒரே மாதத்தில் ஒரே விளக்கத்தை எழுதிக்கொண்டிருப்பவர், அடுத்த பட்ஜெட்டில் அந்தத் தொகையை அந்த மாதத்துக்கே ஒதுக்கச் சொல்லி அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

எல்லாத் தொகைக்கும் காரணம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. பில் ஒரு பிரிவில், வேலை உத்தரவு இன்னொரு பிரிவில், கையெழுத்துப் போட்டவர் விடுப்பில் என்று 60,000 ரூபாய்க்குக் கணக்குத் தெரியாமல் நிற்கும். 'இதர பழுதுகள்' என்று பெயர் வைத்து அதை முடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. '60,000-க்கு இன்னும் விவரம் கிடைக்கவில்லை, 12-ஆம் தேதிக்குள் தெரிவிக்கிறோம்' என்று எழுதுவதே சரி. அந்தத் தேதியில் விவரத்தை அனுப்பவும் வேண்டும்.