உங்களுக்குத் தெரியுமா? முதுகில் ஒட்டியிருக்கும் கணக்கு

● ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே, கறுப்பாக உருண்டிருக்கும் கம்ப்ரசரில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் எண் உங்கள் ஃபிரிட்ஜுடையது அல்ல, கம்ப்ரசருடையது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னால், "அப்படி ஒரு மாடலே இல்லையே சார்" என்பார்கள். ஃபிரிட்ஜின் சொந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் கதவைத் திறந்தால் உள்பக்கச் சுவரில், காய்கறிப் பெட்டியை ஒட்டி இருக்கும். சில கம்பெனிகள் வெளிப்பக்கவாட்டில் ஒட்டுகின்றன. மாடல் எண்ணைச் சொல்லும்போது கடைசியில் வரும் ஓரிரு எழுத்துகளையும் விடாதீர்கள். ஒரே பெயரில் வந்த இரண்டு ஃபிரிட்ஜுகளுக்குக் கதவு ரப்பர் வேறு வேறாக இருப்பது உண்டு. சீரியல் எண் என்பது உங்கள் வீட்டுக்கு வந்த அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது. வாரண்டிக்கு அதைக் கேட்பார்கள், உதிரிபாகத்துக்கு மாடல் எண்ணைக் கேட்பார்கள்.

● இண்டக்‌ஷன் அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட்ஸ் என்று இருக்கிறதா? 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7. அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது வயரில் ஓடும் ஆம்பியர் அதுதான். இப்போது சுவரைப் பாருங்கள். சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். பெரிய ஓட்டை உள்ள பவர் பிளக் தாங்குவது 16. (பழைய ஆட்கள் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்பார்கள்.) ஆக, அந்த அடுப்புக்குப் பவர் பிளக்தான் சரி.

ஆனால் சமையல்கட்டில் பவர் பிளக் ஒன்றுதான் இருக்கும், அதையும் வேறு எதற்காவது கொடுத்திருப்போம். உடனே கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிச் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ அடுப்பைச் சொருகிவிடுகிறோம். அந்தப் பாக்ஸின் முதுகிலும் ஒரு எண் உண்டு, யாரும் பார்ப்பதில்லை. 6 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்ஸ். அடுப்பும் எரியும், சாம்பாரும் கொதிக்கும், எந்தக் கோளாறும் அன்றைக்குத் தெரியாது. கால்மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் மேல் கை வைத்தால் சுடும். சில மாதங்களில் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறும், லேசாக மீன் வாடை போல ஒரு நெடி வரும். அந்த நிலையில் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவருக்குள் போகும் வயரின் தடிமனையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சின்ன வயரில் பெரிய சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்!

● ஒன்றரை டன் ஏசியின் ஸ்டிக்கரில் 5000 வாட்ஸை ஒட்டி ஒரு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது மின்சாரச் செலவு அல்ல; அறையிலிருந்து அந்த ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தின் அளவு. ஒரு டன் என்பது சுமார் 3500 வாட்ஸ் வெப்பம். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்பது 'பவர் இன்புட்' என்ற வேறு வரியில் இருக்கும், பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்கு அளவில். மைக்ரோவேவில் கதை தலைகீழ். கடைக்காரர் சொல்லும் 800 வாட்ஸ் உணவுக்குள் போகும் சூடு. சுவரிலிருந்து அது இழுப்பது 1200 வாட்ஸ் வரை போகும். இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

● மிக்ஸியின் அடியில் '30 நிமிட ரேட்டிங்' என்று இருந்தால் அரைமணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்று பொருளில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டி என்று மொத்தமாக முப்பது நிமிடம் என்பதே வழக்கமான கணக்கு. உங்கள் மிக்ஸிக்கு எவ்வளவு ஓட்டம், எவ்வளவு ஓய்வு என்பது கூட வந்த புத்தகத்தில் இருக்கும். இட்லி மாவையே மிக்ஸியில் அரைக்கிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. தேங்காய்ச் சட்னிக்கு இந்தக் கணக்கே வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பாதியில் மிக்ஸி நின்றுபோனால் மோட்டார் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஜாரில் இருப்பதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சில நிமிடம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும்.

● சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால், அந்தச் சாதனத்துக்கு எர்த் தேவையில்லை என்று அர்த்தம். உள்ளே இரட்டைக் காப்பு இருக்கிறது. ஹேர் டிரையருக்கு இரண்டு பின் மட்டும் இருப்பது அதனால்தான். அந்தச் சின்னம் இல்லாத இரும்பு உடம்புச் சாதனத்தில் யாராவது மூன்றாவது பின்னை உடைத்திருந்தால், அதைத் தொடாமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு முதலில் பிளக்கை மாற்றுங்கள்.